"பொருள் வந்து சேரவில்லை" – இணையச் சந்தை விற்பனையாளரும் சான்றுகளும்

கடைத்தெருவில் வாங்குபவரும் விற்பவரும் நேருக்கு நேர் நின்று பொருளையும் பணத்தையும் கைமாற்றிக் கொள்கின்றனர். அங்கே "பொருள் எனக்குக் கிடைக்கவில்லை" என்ற பேச்சுக்கு இடமில்லை. இணையச் சந்தையில் நிலைமை வேறு. பணம் முன்னதாகவே செலுத்தப்படுகிறது. பொருள் மூன்றாவது ஒருவரின் கைகளின் வழியே சில நாட்கள் பயணம் செய்கிறது. காணாத பொருளுக்குப் பணம் கொடுக்கும் வாங்குபவருக்கு நம்பிக்கை ஊட்டவே "பொருள் வந்து சேராவிடில் பணம் திரும்பத் தரப்படும்" என்ற பாதுகாப்புத் திட்டத்தைச் சந்தை நிறுவனங்கள் ஏற்படுத்தின. இந்த உறுதிமொழி இல்லாவிட்டால், பெயர் அறியாத சிறு விற்பனையாளரிடம் எவரும் பொருள் வாங்க முன்வர மாட்டார்.

ஆயினும் இத்தகைய பாதுகாப்பு அனைத்துக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பொருளைப் பெற்றுக்கொண்டே "வரவில்லை" என்று முறையிடுவோரும், பொருளை எடுத்துக்கொண்டு "காலிப் பெட்டி வந்தது" என்போரும் இதனைப் பயன்படுத்திக் கொள்கின்றனர். அவ்வேளையில் சிறு விற்பனையாளரைக் காப்பது எது? அவருடைய நேர்மை மட்டும் அன்று. பொருள் கடையை விட்டுக் கிளம்பும் முன்னரே அவர் உண்டாக்கி வைத்த சான்றுகளே அவரைக் காக்கின்றன. முறையீடு வந்த பின் இச்சான்றுகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்க இயலாது.

வழியில் நேரும் இழப்பு யாருடையது?

1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, வாங்குபவருக்கு அனுப்ப வேண்டிய சரக்கை விற்பவர் போக்குவரத்தாளரிடம் ஒப்படைத்தாலே, அது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக முதல் நோக்கில் கொள்ளப்படும். உரிமை எவரிடமோ இழப்பின் பொறுப்பும் அவரிடமே என்பது அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு கூறும் பொது விதி. வியாபாரிகள் தமக்குள் சரக்கு அனுப்பிக்கொண்ட காலத்து ஏற்பாடு இது. லாரியில் ஏற்றிய ரசீதைக் காட்டினால் விற்பவரின் கடமை பெரும்பாலும் முடிந்தது.

இவ்விரு விதிகளும் வேறு ஒப்பந்தம் இல்லாதபோது மட்டுமே செல்லுபடியாகும். இணையச் சந்தையில் சேரும் விற்பனையாளர் கையொப்பமிடும் ஒப்பந்தமோ, பொருள் வாங்குபவரின் முகவரியில் சேரும் வரை பொறுப்பை அவர் மீதே வைக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் கீழ் வெளியான மின்வணிக விதிகளும் (2020) இதே திசையில் செல்கின்றன. குறையுள்ள பொருளுக்கும், விளம்பரத்துக்கு மாறான பொருளுக்கும், அறிவித்த நாளுக்குப் பின் வந்த பொருளுக்கும் பணத்தைத் திருப்பித் தர விற்பனையாளர் மறுக்கலாகாது என்று அவை விதிக்கின்றன. இயற்கைச் சீற்றம் போன்ற தடுக்கவியலாத காரணங்களால் நேர்ந்த தாமதத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆகவே கூரியர் ரசீதைக் காட்டி "நான் அனுப்பிவிட்டேன்" என்று கூறுவது இன்று விடையாகாது. "சேர்ந்தது" என்று காட்ட வேண்டும்.

ஒரே சொல், நான்கு நிகழ்ச்சிகள்

"வந்து சேரவில்லை" என்ற ஒரே சொல்லின் பின்னால் நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள் இருக்கலாம். முதலாவது, பொதி உண்மையிலேயே வழியில் காணாமற் போனது. இரண்டாவது, பொதி சேர்ந்தது. ஆனால் காவலாளியிடமோ, பக்கத்து வீட்டிலோ, தவறான முகவரியிலோ சேர்ந்தது. அல்லது அன்றைய கணக்கை முடிக்க வேண்டி, விநியோகப் பணியாளர் கொடுக்காமலே "கொடுக்கப்பட்டது" என்று பதிந்துவிட்டார். மூன்றாவது, பெட்டி சேர்ந்தது. உள்ளே பொருள் இல்லை அல்லது வேறு பொருள் இருந்தது. நான்காவது, பொருள் முழுமையாகச் சேர்ந்தும் வாங்குபவர் மறுக்கிறார்.

முதல் இரண்டிலும் வாங்குபவர் குற்றமற்றவர். மூன்றாவதில் கூரியர் பணியாளரும் குற்றவாளியாக இருக்கலாம், வாங்குபவரும் இருக்கலாம். நான்காவது மட்டுமே ஐயத்துக்கு இடமில்லாத மோசடி. ஒவ்வொரு முறையீட்டையும் நான்காவது வகை என்று எண்ணிக் கடுஞ்சொல்லுடன் பதில் எழுதும் விற்பனையாளர், நேர்மையான வாங்குபவரை இழப்பதுடன் தம் வழக்கையும் கெடுத்துக் கொள்கிறார்.

சான்று உருவாகும் வேளை

மொரதாபாத்தில் பித்தளை விளக்குகளை இணையச் சந்தையில் விற்கும் ஒரு சிறு வணிகரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விளக்கின் விலை 3,200 ரூபாய். விளக்கின் எடை 1,940 கிராம்; பெட்டியும் திணிப்பும் சேர்ந்து 310 கிராம்; ஆக, பொதியின் எடை 2,250 கிராம்.

அவர் செய்ய வேண்டுவன சிலவே. பொதி கட்டுவதை இடைவெட்டு இல்லாத ஒரே காணொளியாகப் பதிவு செய்கிறார். அதில் ஆர்டர் எண் கொண்ட முகவரிச் சீட்டு, விளக்கின் அடியில் பொறித்த வரிசை எண், பெட்டியில் வைத்து ஒட்டுநாடா இடும் காட்சி, இறுதியாகத் தராசின் எண் ஆகியவை தொடர்ந்து காணப்படுகின்றன. கட்டிய பொதி தராசை அடையும் வரை காமிராவை விட்டு அகலக்கூடாது என்பதே இதில் முக்கியம். அகன்றால் "பிறகு பொருளை எடுத்துவிட்டீர்" என்ற வாதத்துக்கு இடமுண்டு. பிரித்தால் அடையாளம் தெரியும் ஒட்டுநாடாவைப் பயன்படுத்துகிறார். பெட்டியின் ஆறு பக்கங்களையும் படம் எடுக்கிறார். கூரியர் பணியாளர் பொதிகளைப் பெற்றுச் செல்லும் பட்டியலில் நேரத்துடன் கையொப்பமோ மின் பதிவோ பெறுகிறார். அது இல்லாவிடில், பொதி கடையை விட்டுக் கிளம்பியது என்பதற்கே சான்றில்லை.

விலையுயர்ந்த பொருளுக்கு, வாங்குபவரின் கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியெண்ணைக் (ஓ.டி.பி.) கூறினால் மட்டுமே பொதியைக் கொடுக்கும் முறையைத் தேர்கிறார். இவ்வசதி அஞ்சல் துறையின் விரைவு அஞ்சலிலும் 1 அக்டோபர் 2025 முதல் கூடுதல் கட்டணத்துடன் கிடைக்கிறது. ஆனால் இக்குறியெண் எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதை உணர வேண்டும். அந்தக் கைபேசியை வைத்திருந்தவர் குறியெண்ணைத் தெரிவித்தார் என்பதையே அது காட்டுகிறது. பெட்டியினுள் விளக்கு இருந்தது என்பதை அது காட்டாது. சில வேளைகளில் பணியாளர் தொலைபேசியிலேயே குறியெண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பொதியைப் பின்னர் தருவதாகக் கூறி விடுவதும் உண்டு.

முதல் முறையீடு

புனேயில் உள்ள ஒருவருக்கு 5ஆம் தேதி அனுப்பிய விளக்கு, 9ஆம் தேதி இரவு 7.48 மணிக்குக் கொடுக்கப்பட்டதாகக் கூரியர் தடம் காட்டுகிறது. இதில் குறியெண் முறை கையாளப்படவில்லை. 11ஆம் தேதி வாங்குபவர் "பொருள் வரவில்லை" என்று முறையிடுகிறார்.

இத்தகைய முறையீட்டுக்கு விடையளிக்கச் சந்தை நிறுவனங்கள் தரும் கெடு குறுகியது. அதைத் தவறவிட்டால் எவ்வளவு சான்று இருந்தும் பணம் தானாகவே திரும்பிப் போய்விடும். எனவே விற்பனையாளர் முதல் நாளிலேயே இரு கடிதங்கள் எழுதுகிறார். வாங்குபவருக்கு எழுதுவது குற்றச்சாட்டு அன்று, விசாரணை: "9ஆம் தேதி இரவு 7.48க்குக் கொடுத்ததாகப் பதிவாகியுள்ளது. வீட்டில் உள்ளோர், காவலாளி, அண்டை வீட்டார் எவரேனும் பெற்றனரா என்று அன்புகூர்ந்து பார்த்துச் சொல்லுங்கள். நாங்களும் கூரியரிடம் விவரம் கேட்டுள்ளோம்." இதனைச் சந்தையின் செய்திப் பகுதியிலேயே அனுப்புகிறார். தனிப்பட்ட தொலைபேசியில் பேசியது பின்னர் சான்றாக வாராது.

கூரியருக்கு எழுதும் கடிதத்தில் "கொடுத்ததற்கு ஆதாரம் தருக" என்று பொதுவாகக் கேட்பதில்லை. பெற்றவரின் பெயரும் கையொப்பமும், கொடுத்தபோது எடுத்த படம், பணியாளரின் கருவி பதிந்த இடக் குறியீடு, அன்றைய தொலைபேசி முயற்சிகளின் பதிவு ஆகிய நான்கையும் தனித்தனியே கேட்கிறார்.

விடை வருகிறது. பெற்றவர் பெயரில் "பாதுகாப்பு" என்ற சொல் மட்டுமே உள்ளது, படம் இல்லை, இடக் குறியீடு முகவரியிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவைக் காட்டுகிறது. இடக் குறியீடு சில பத்து மீட்டர் பிழைபடுவது இயல்பு. அடுக்குமாடிக் கட்டடங்களிடையே அதற்கு மேலும் பிழைபடலாம். ஒன்றரைக் கிலோமீட்டர் அத்தகைய பிழை அன்று. வாங்குபவர் கூறியது உண்மை. விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தருகிறார்; தம் கோரிக்கையைக் கூரியரின் பக்கம் திருப்புகிறார். முதல் நாளிலேயே வாங்குபவரைப் பொய்யர் என்று எழுதியிருந்தால், அக்கடிதமே பின்னர் நுகர்வோர் ஆணையத்தில் அவருக்கு எதிரான சான்றாக நின்றிருக்கும்.

இரண்டாவது முறையீடு: காலிப் பெட்டி

அடுத்த மாதம் அதே வகை விளக்கு மற்றொருவருக்குச் செல்கிறது. இம்முறை குறியெண் பெற்றே பொதி கொடுக்கப்பட்டுள்ளது. மறுநாள் "பெட்டியில் பழைய செய்தித்தாள்கள் மட்டுமே இருந்தன" என்ற முறையீடு படத்துடன் வருகிறது.

இங்கே பேச வல்லது எடை. பொதி ஒவ்வொரு பெரிய பிரிப்பு மையத்திலும் எடை போடப்படுகிறது. கட்டணத்தைக் கணக்கிடவே கூரியர் நிறுவனம் இதனைச் செய்கிறது. ஆயினும் வழக்கில் எந்தப் பக்கமும் சாராத ஒருவர் எழுதி வைத்த குறிப்பாக அது பயன்படுகிறது. செய்தித்தாள் நிரம்பிய பெட்டி 600 அல்லது 700 கிராம் இருக்கலாம். விளக்கு இருந்த பெட்டி 2,250 கிராம். கடைசி மையத்தில் 2,260 கிராம் என்று பதிவாகியிருந்தால், அதுவரை விளக்கு உள்ளே இருந்தது என்று கொள்வதே இயல்பு.

இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. கூரியர் பட்டியலில் காணும் எடை பல வேளைகளில் உண்மை எடை அன்று. பருமன் எடை ஆகும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்துக் கிடைக்கும் கிலோகிராம் எண்ணே பருமன் எடை. இப்பெட்டியின் அளவு 30, 20, 20 சென்டிமீட்டர் என்றால் பெருக்குத்தொகை 12,000. பருமன் எடை 2.4 கிலோ. உண்மை எடையைவிட இது மிகுதி என்பதால் கட்டணம் இதன்படியே விதிக்கப்படும். பெட்டி காலியாக இருந்தாலும் பருமன் எடை 2.4 கிலோவாகவே இருக்கும்! ஆகவே பட்டியலைக் காட்டி "2.4 கிலோ இருந்தது" என்று வாதிட்டால் அவ்வாதம் நொடியில் வீழும். தராசில் கண்ட உண்மை எடையை, மையத்தின் பெயருடனும் நேரத்துடனும் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

எடைக்கும் எல்லை உண்டு. கடைசி மையத்திலிருந்து வாசற்படி வரையுள்ள தூரத்தில் பணியாளர் திருடியிருக்கலாம். இதனைப் பிரித்தறிய ஒட்டுநாடா உதவுகிறது. பெட்டியைத் திறக்காமல் எடுத்த படத்தையோ, திறக்கும்போது எடுத்த காணொளியையோ விற்பனையாளர் கேட்கிறார். வாங்குபவர் அனுப்பிய படத்தில் ஒட்டுநாடா சேதமின்றி, அதே எண்ணுடன் இருந்து, கடைசி எடையும் சரியாக இருந்தால், வழியில் திருடப்பட்டது என்ற கூற்று வலுவிழக்கிறது. நாடா வேறாக இருந்தால் ஐயம் கூரியர் பக்கம் சாய்கிறது. வாங்குபவரிடம் இத்தகைய படம் எதுவும் இல்லாதது மட்டும் அவர் பொய் சொல்கிறார் என்பதற்குச் சான்றாகாது. எல்லாரும் காமிராவை வைத்துக்கொண்டு பெட்டியைத் திறப்பதில்லை.

இதன் பின்னர் சந்தை நிறுவனத்துக்கு எழுதும் விடை ஒரே பக்கத்தில் அமைதல் நலம். பொதி கட்டிய நாளும் எடையும், கூரியர் பெற்ற நேரம், கடைசி மையத்தின் உண்மை எடை, குறியெண் சரிபார்த்த நேரம் என நிகழ்ச்சிகளைக் கால வரிசையில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் இணைப்பு எண்ணைத் தருகிறார். முறையீடுகளைப் பார்க்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு எண்ணற்ற கோப்புகள். நீண்ட புலம்பல் அவர் கண்ணில் படாது.

இழப்பின் கணக்கு

ஒரு முறையீட்டில் தோற்பதால் நேரும் இழப்பு, விலைச்சீட்டில் காணும் தொகையைக் கொண்டு மட்டும் அளக்கத்தக்கது அன்று. விளக்கின் அடக்கவிலை 2,450 ரூபாய், சந்தைத் தரகு 320, கூரியர் கட்டணம் 180, பொதிச் செலவு 40 என்று கொண்டால், வரிகளை விலக்கிப் பார்க்கையில் ஒரு விற்பனையில் மிஞ்சுவது 210 ரூபாய். பொருளும் போய்ப் பணமும் திரும்பிச் சென்றால், தரகு திருப்பித் தரப்பட்டாலும், இழப்பு 2,670 ரூபாய். இதனை ஈடுகட்ட மேலும் 13 விளக்குகள் விற்றாக வேண்டும்.

முதல் முறையீட்டில் போல் தவறு கூரியருடையது என்றால் இழப்பீடு கிடைக்குமா? சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 வீட்டுக்கு வீடு பொருள் சேர்க்கும் கூரியர் நிறுவனங்களையும் உள்ளடக்குகிறது. அதன் கீழ் வெளியான விதிகளின்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய உயர் கட்டணம் செலுத்தாவிடில், போக்குவரத்தாளரின் பொறுப்பு கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். இங்கு அது 1,800 ரூபாய். அடக்கவிலையில் 650 ரூபாய் குறைகிறது. மேலும், பொதியை ஒப்படைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புத் தராவிடில் வழக்குத் தொடுக்க இயலாது. சந்தை நிறுவனமே கூரியரை ஏற்பாடு செய்திருந்தால், கோரிக்கையை அந்நிறுவனத்தின் விற்பனையாளர் இழப்பீட்டுத் திட்டத்தின் கீழ், அதற்குரிய தனிக் கெடுவுக்குள் எழுப்ப வேண்டும்.

ஆணையத்தின் முன்

சந்தை நிறுவனம் விற்பனையாளர் பக்கம் தீர்ப்பளித்த பின்னும், வாங்குபவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பதால், மொரதாபாத் வணிகர் புனே ஆணையத்துக்கு விடை தர வேண்டிவரும். எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாட்கள். ஆணையம் மேலும் 15 நாட்கள் வரை நீட்டிக்கலாம். அந்த 45 நாட்களுக்கு அப்பால் நீட்டிக்க அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 2020இல் தீர்ப்பளித்தது. நேரில் செல்ல இயலாதோர் காணொளி வழியே விசாரணையில் பங்குகொள்ள விண்ணப்பிக்கலாம். வழக்கு பெரும்பாலும் உறுதிமொழிப் பத்திரமும் ஆவணங்களும் கொண்டே தீர்க்கப்படுகிறது.

இங்கே காணொளியை எவ்வாறு பேணினார் என்பது வினாவாக எழும். 1 ஜூலை 2024 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியம், 2023இன் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலுடன் ஒரு சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. அதில் பதிவு செய்த கருவியின் விவரமும் கோப்பின் ஹாஷ் மதிப்பும் இடம்பெறும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது; கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது மாறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய காணொளி சுருக்கப்படுவதால் அதன் ஹாஷ் மூலத்துடன் பொருந்தாது. ஆகவே கைபேசியில் பதிவான மூலக் கோப்பை வெட்டாமலும் சுருக்காமலும் ஆர்டர் எண்ணைப் பெயராக இட்டுக் காத்து வைக்க வேண்டும். நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்தின் நுட்பங்களைக் கண்டிப்பாகப் பின்பற்றுவன அல்ல எனினும், பின்னர் விவகாரம் உரிமையியல் நீதிமன்றத்துக்கோ காவல் துறைக்கோ செல்லுமாயின் இம்முன்னெச்சரிக்கை பயன்படும்.

பதிவேடு காட்டும் உண்மை

தனி முறையீடு ஒன்றைக் கொண்டு மோசடியைக் கண்டறிவது அரிது. ஓராண்டு முறையீடுகளை ஒரே பதிவேட்டில் எழுதினால் அவை தாமே பேசத் தொடங்கும். ஆர்டர் எண், அஞ்சல் குறியீட்டு எண், கூரியர் கிளை, முறையீட்டின் வகை, முடிவு ஆகிய ஐந்து பத்திகள் போதும். வெவ்வேறு வாங்குபவர்கள், வெவ்வேறு முகவரிகள், ஆனால் ஒரே கூரியர் கிளை என்று முறையீடுகள் திரண்டால், கோளாறு அக்கிளையில் இருக்கிறது. அங்கு செல்லும் பொதிகளுக்குக் கூரியரை மாற்றுவதே பரிகாரம். வெவ்வேறு பெயர்கள், ஆனால் ஒரே கதவு எண் என்று வந்தால், ஐயம் வாங்குபவர் மீது செல்கிறது. சந்தை நிறுவனங்கள் வாங்குபவரின் தொலைபேசி எண்ணை மறைத்தே தருவதால், விற்பனையாளர் காணக்கூடியது இத்துணையே. அவர் அறியாத மற்ற விற்பனையாளர்களின் அனுபவம் சந்தை நிறுவனத்திடமே உள்ளது. எனவே இவ்வையத்தை ஆர்டர் எண்களுடன் நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவிப்பதே முறை. வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் பொதுவில் வெளியிடுவது விற்பனையாளரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்.

இவ்வளவும் செய்த பின்னும் சில முறையீடுகளில் தோல்வி நேரும். கடைசி மையத்துக்கும் வாசற்படிக்கும் இடையே நடந்ததை எந்த ஆவணமும் முழுமையாகக் காட்டுவதில்லை. அந்த மிச்ச இழப்பைப் பதிவேட்டின் துணையால் அளந்து, விலையில் ஒரு சிறு பங்காகச் சேர்ப்பதே வணிகரின் கணக்கு. இருநூறு விளக்குகளுக்கு ஒன்று வீதம் இழப்பு நேருமாயின், விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 13 ரூபாய் சேர்த்தாலே போதும். அளந்தறிந்த இழப்பு ஒரு செலவு. அளக்காத இழப்புதான் வணிகரை எல்லா வாங்குபவர் மீதும் ஐயுறச் செய்கிறது.